பக்கத்துக் கடையில் மலாய் பேச: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியா வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மலாய்க்காரர் கடைக்குப் போனால் வாயைத் திறந்து முதலில் என்ன சொல்வது?

முறை சொல்லிக் கூப்பிடுங்கள். விற்பவர் பெண்ணாக இருந்தால் "காக்", ஆணாக இருந்தால் "பாங்". நம் ஊரில் கடைக்காரரை "அக்கா", "அண்ணே" என்று கூப்பிடுகிறோமே, அதேதான். காகாக் என்றால் அக்கா, அபாங் என்றால் அண்ணன். கூப்பிடும்போது சுருக்கி "காக்", "பாங்" என்பார்கள்.

நான் கிள்ளானில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், வடைக் கடை போட்டிருக்கிறேன். எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்கார அம்மா நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கிறார். காலையில் வருகிறவர்களில் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளை உடனே அடையாளம் தெரியும். நேராக வந்து நின்று, பொட்டலத்தைக் காட்டி, இரண்டு வேண்டும் என்பதற்கு "துவா" என்று மட்டும் சொல்வார்கள். மலாய் தப்பில்லை, ஆனால் முறைப்பெயர் இல்லாமல் கேட்பது மலாய்க்காரர் காதில் அதட்டுவது போல விழும். அதே பையன் "காக், துவா" என்று கேட்டால் போதும், அந்த அம்மாவின் முகமே மாறிவிடும். மலாயில் மரியாதை பெரும்பாலும் இந்தச் சின்னச் சொல்லில்தான் உட்கார்ந்திருக்கிறது. வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

வயதுக்கு ஏற்றபடி எந்த முறை சொல்வது என்று குழப்பமாக இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால்?

உங்கள் அம்மா வயதுள்ள பெண்ணை "மாக்சிக்" என்றும், அப்பா வயதுள்ளவரை "பாக்சிக்" என்றும் கூப்பிடலாம். நம்மைப் போல அத்தை, சித்தி, பெரியம்மா என்று அப்பா வழி, அம்மா வழி பிரிவெல்லாம் கிடையாது. எல்லோரும் மாக்சிக்தான். உங்களைவிடச் சின்னவர் என்றால் "அடிக்", சுருக்கமாக "டிக்". இது தம்பிக்கும் பொருந்தும், தங்கச்சிக்கும் பொருந்தும்.

சந்தேகம் வருகிற இடம் ஒன்றுதான்: நாற்பது வயதுப் பெண்மணியைக் காக் என்பதா, மாக்சிக் என்பதா? காக் என்றே சொல்லுங்கள். அறுபது வயதுக்காரரைக் காக் என்றாலும் அவருக்குச் சந்தோஷம்தான். முப்பத்தைந்து வயதுக்காரரை மாக்சிக் என்றால் நம் ஊரில் அக்காவைப் பாட்டி என்ற கதையாகிவிடும்.

அலுவலகத்திலும் வங்கியிலும் ஐயா, அம்மா என்பதற்குச் சொல்லும் "எஞ்சேக்", "புவான்" எல்லாம் கடைத்தெருவுக்கு ஒட்டாது. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வடை வாங்க வந்தது போல இருக்கும்.

"நீங்க", "உங்க" என்பதற்கு மலாயில் என்ன சொல்ல வேண்டும்? புத்தகத்தில் "அண்டா" என்று இருக்கிறது.

"அண்டா" விளம்பரத்திலும் விண்ணப்பப் படிவத்திலும் வரும் சொல். கடையில் நேருக்கு நேர் யாரும் சொல்வதில்லை. "அவாக்" நண்பர்களுக்குள் சரி, பெரியவர்களிடம் கூடாது. "காவ்" நம்முடைய "டா", "டி" மாதிரி. நெருங்கிய கூட்டாளிகளிடம் தவிர வேறு யாரிடமும் வேண்டாம்.

அப்புறம் என்ன சொல்வது? அதே முறைப்பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டும். "இது நீங்க செஞ்சதா?" என்று கேட்க, "இனி காகாக் புவாட்?" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "இது அக்கா செஞ்சதா?" என்று வரும். நாமும் வீட்டில் "அக்கா சாப்பிட்டாச்சா?" என்று அவரிடமே கேட்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். நீங்க என்ற சொல்லைத் தேடாமலே எத்தனை நேரம் வேண்டுமானாலும் மரியாதையாகப் பேசலாம்.

ஒரு பேச்சை முதலிலிருந்து கடைசி வரை எழுதிக் காட்டுங்களேன். காலையில் நாசி லெமாக் வாங்குவது போல.

சரி. வாங்குபவர் ஒரு தமிழ் இளைஞர், விற்பவர் பக்கத்து மேசைக்கார அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"செலாமாட் பாகி, காக்." (காலை வணக்கம், அக்கா.)

"பாகி. நாக் அப்பா, டிக்?" (வணக்கம். என்ன வேணும், தம்பி?)

"நாசி லெமாக் துவா, காக். புங்குஸ்." (நாசி லெமாக் இரண்டு, அக்கா. கட்டிக் கொடுங்க.)

"நாக் தம்பா தெலோர்?" (முட்டை சேர்த்து வேணுமா?)

"சாத்து ஜே. சம்பால் கூராங் சிகிட், யா." (ஒன்று போதும். சம்பால் கொஞ்சம் குறைவா, சரியா.)

"ஓகே. இத்து ஜே?" (அவ்வளவுதானா?)

"இத்து ஜே. பெராப்பா செமுவா, காக்?" (அவ்வளவுதான். மொத்தம் எவ்வளவு, அக்கா?)

"எனாம் ரிங்கிட் லீமா பூலோ." (6 வெள்ளி 50 காசு.)

பொட்டலம் 2 வெள்ளி 50 காசு வீதம் இரண்டுக்கு 5 வெள்ளி, கூடுதல் முட்டை 1 வெள்ளி 50 காசு. தம்பி 10 வெள்ளித் தாளை நீட்டுகிறார்.

"டுவிட் கெச்சில் தாக் அடா?" (சில்லறை இல்லையா?)

"தாக் அடா, காக். மாஃப் யா." (இல்லை, அக்கா. மன்னிச்சுக்குங்க.)

"தாக் அப்பா." (பரவாயில்லை.) மீதி 3 வெள்ளி 50 காசு கைக்கு வருகிறது.

"தெரிமா காசே, காக்."

"சாமா-சாமா, டிக்."

இதில் கவனிக்க வேண்டியது, காக் என்ற சொல் ஐந்து தடவை வந்திருக்கிறது. வணக்கத்தில், கேட்பதில், விலை விசாரிப்பதில், மன்னிப்பில், நன்றியில். அதற்குப் பதிலாக டிக் இரண்டு தடவை. இந்தப் பேச்சிலிருந்து இந்த ஏழு சொல்லையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் மாறாது, ஆனால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசுவது போலாகிவிடும்.

"யா" என்பதையும் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்கும் வாக்கியத்தின் கடைசியில் மெதுவாக "யா" போட்டால் கட்டளை வேண்டுகோளாகிவிடும்.

"தயவுசெய்து" என்பதற்கு "சீலா" என்று அகராதியில் பார்த்தேன். கடையில் அதைச் சொல்லலாமா?

வேண்டாம். சீலா என்பது அறிவிப்புப் பலகையில் வரும், இல்லையென்றால் ஒருவரை உபசரிக்கும்போது வரும். "உட்காருங்க", "சாப்பிடுங்க" என்று நாம் கொடுக்கும் இடத்தில் சரி, நமக்கு வேண்டியதைக் கேட்கும் இடத்தில் சரிவராது.

நாமே கடையில் போய் "தயவுசெய்து இரண்டு இட்லி" என்று கேட்பதில்லை. அதே போல இங்கேயும் "மிந்தா" என்ற சொல் போதும். கேட்டு வாங்குவது என்று பொருள். "காக், மிந்தா சூடு சாத்து" என்றால் "அக்கா, ஒரு கரண்டி கொடுங்க". சூடு என்றவுடன் வெந்நீரை நினைக்காதீர்கள், மலாயில் அது கரண்டி. யாராவது உங்களுக்காக ஒரு வேலை செய்ய வேண்டும் என்றால் "தோலோங்". உதவி என்று அர்த்தம். "தோலோங் ஈகாட் தெப்பி, பாங்" என்றால், பிளாஸ்டிக் பையில் ஊற்றும் தேநீரை ஓரமாகக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுங்க, அண்ணே.

நான் "இரண்டு" என்றுதான் கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு ஏதோ கேட்டார். எங்கே தப்பு?

பெரும்பாலும் முதல் எழுத்தின் ஒலியில். இது தமிழர் எல்லோரும் விழுகிற குழி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் ஒரே "து" எழுத்தைத் "துணி" என்பதில் அழுத்தியும், "துபாய்" என்பதில் அதிர வைத்தும் சொல்கிறோம். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. மலாயில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து, தனித்தனிப் பொருள். துபாய் து போட்டு "துவா" என்றால் இரண்டு. துணி து போட்டு "துவா" என்றால் கிழம், வயதானது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, எங்கள் வரிசைக்குப் பின்னால் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து மேசைக்கு வந்து மிகப் பணிவாக "காக், துவா" என்றார். துணியில் வரும் து. அந்த அம்மா கையில் வாழையிலையைப் பிடித்தபடியே, "சியாப்பா துவா?" என்று கேட்டார். "யாரு கிழவி?" என்று அர்த்தம். தம்பிக்குப் புரியவில்லை, இரண்டு விரலைக் காட்டினார். அப்புறம் நான் எழுந்து போய்ச் சொன்னேன். அந்த அம்மா அன்றைக்கே அவருக்கு ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லிக் கொடுத்துவிட்டார்: சாத்து, துவா, தீகா, அம்பாட், லீமா, எனாம், துஜோ, லாப்பான், செம்பிலான், செபூலோ. இவற்றில் இரண்டுக்குத் துபாய் து, ஏழுக்குத் துணி து.

இதே சிக்கல் "பாகி"யிலும் உண்டு. "பல்" என்பதில் வரும் ப போட்டால் காலை. "பஸ்" என்பதில் வரும் ப போட்டால் கொடு. "செலாமாட் பாகி" சொல்லும்போது பல், "பாகி சாத்து" என்று கேட்கும்போது பஸ். எண்ணைச் சொல்லும்போது விரலையும் சேர்த்துக் காட்டுங்கள். பழகும் வரைக்கும் அது நல்ல காப்பு. விரல் என்றவுடன் இன்னொன்று: ஒரு பொருளைச் சுட்டிக் காட்ட ஆள்காட்டி விரலை நீட்டுவது மலாய்க்காரர்களுக்கு மரியாதைக் குறைவு. நான்கு விரலையும் மடக்கிக்கொண்டு கட்டை விரலால் காட்டுங்கள். அதைப் பார்த்தவுடனே, இந்த ஊர்ப் பழக்கம் தெரிந்த பிள்ளை என்று புரிந்துகொள்வார்கள்.

நன்றி எப்போது சொல்வது? ஒவ்வொரு தடவையும் சொன்னால் மிகையாகத் தெரியாதா?

தெரியாது. நம்மிடையே கடைக்காரருக்கு நன்றி சொல்லும் வழக்கம் குறைவு, "வரேன்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். இங்கே பொருள் கைக்கு வந்ததும், சில்லறை கைக்கு வந்ததும் "தெரிமா காசே" சொல்வது சாதாரணம். தெரிமா என்றால் பெற்றுக்கொள், காசே என்றால் அன்பு. நம் காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதில் "சாமா-சாமா", அதாவது உங்களுக்கும் அப்படியே. கடைக்காரர் முந்திக்கொண்டு தெரிமா காசே சொன்னால் நீங்கள் சாமா-சாமா சொல்லலாம். வலது கையால் கொடுங்கள், வலது கையால் வாங்குங்கள். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணம் கைமாறும்போது சில பெரியவர்கள் "ஜுவால், யா" என்பார்கள். "விற்கிறேன்" என்று பொருள். திகைக்க வேண்டாம். "பெலி" என்று சொல்லுங்கள், "வாங்கிக்கொள்கிறேன்". இரண்டு பேரும் மனமொப்பித்தான் இந்த வியாபாரம் நடந்தது என்று வாயால் சொல்லி முடிப்பது இஸ்லாமிய வழக்கம். பெலியின் முதல் எழுத்துக்குப் பஸ்ஸில் வரும் ப.

அதோடு சேர்ந்ததுதான் "ஹலால்". நம்மில் பலருக்கு அது சாப்பாட்டுச் சொல். கடைத்தெருவில் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. உங்களிடம் 10 காசு குறைகிறது, அந்த அம்மா "தாக் அப்பா, ஹலால்" என்கிறார் என்றால், அந்தப் பத்துக் காசை மனதார விட்டுக்கொடுத்துவிட்டேன், உனக்கு அது கடன் இல்லை என்று சொல்கிறார். அவரிடம் சில்லறை இல்லாமல் போய் நீங்கள் விட்டுக்கொடுத்தால் நீங்களும் "ஹலால், காக்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனால் அடுத்தவர் காசு தன்னிடம் தங்கிவிட்டதே என்று அவருக்கு உறுத்தும். நான் ஒருமுறை 20 காசை அப்படிச் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை கடை திறப்பதற்குள் அந்த 20 காசு என் மேசை மேல் இருந்தது.

வேண்டாம் என்பதற்கு "தாக் நாக்" சொன்னேன். முகம் கொஞ்சம் சுண்டிப்போனது போலத் தெரிந்தது.

"தாக் நாக்" என்றால் "எனக்கு வேணாம்" என்று முகத்தில் அடித்தது போல. குழந்தைகள் அடம்பிடிக்கும்போது சொல்வது. "தாக் அப்பா லா, காக்" என்று சொல்லுங்கள். அதே "பரவாயில்லை"தான், இந்த இடத்தில் "இருக்கட்டும், அக்கா" என்று பொருள் தரும். அடுத்த முறை வாங்குகிறேன் என்பதற்கு "லாயின் காலி, யா".

விலை குறைத்துக் கேட்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் துணிமணிக்கு "போலே கூராங்?" என்று கேட்கலாம். நாசி லெமாக்குக்கும் பலகாரத்துக்கும் கேட்காதீர்கள். விடியும் முன்னே எழுந்து தேங்காய்ப்பால் பிழிந்தவரிடம் பத்துக் காசுக்குப் பேரம் பேசுவது அழகில்லை.

"டா மாக்கான்?" என்று கேட்கிறார்கள். சாப்பிடக் கூப்பிடுகிறார்களா?

இல்லை, நலம் விசாரிக்கிறார்கள். நம்முடைய "சாப்பிட்டாச்சா?" அப்படியே. சாப்பிட்டிருந்தால் "டா", இன்னும் இல்லையென்றால் "பெலோம்". இந்த இடத்தில் தமிழர்கள் "இல்லை" என்று நினைத்துக்கொண்டு "தாக்" என்று விடுவார்கள். தாக் என்றால் "சாப்பிடுவதாக இல்லை" என்பது போல முடிந்துபோகும். பெலோம் என்றால் "இன்னும் இல்லை", இனிமேல் சாப்பிடுவேன் என்பது அதில் இருக்கிறது. உண்மையிலேயே சாப்பிடக் கூப்பிட்டால் "ஜெம்போட் மாக்கான்" என்பார்கள். வேண்டாமென்றால் அதற்கும் "தெரிமா காசே, காக்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நகருங்கள்.

மலாயில் தமிழ்ச் சொற்கள் நிறைய இருக்கிறதாமே. அதை வைத்துச் சமாளிக்க முடியுமா?

கொஞ்சம் முடியும். கடை அங்கே "கெடாய்". வியாபாரத்தில் போடும் முதல் அங்கே "மோடால்". கப்பல் "காப்பால்", கட்டில் "காத்தில்". ஆனால் நம் "சும்மா" அங்கே போய் ஏமாற்றும். "சூமா துவா ரிங்கிட்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுவிட்டு, சும்மா கொடுக்கிறார் என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். சூமா என்றால் "மட்டும்தான்": இரண்டே வெள்ளிதான் என்கிறார். இலவசம் என்பதற்கு "பெர்சூமா". முன்னால் "பெர்" இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டை, காசு என்பது சென்னை. அதாவது சென் என்ற நாணயத்தை. பினாங்கு, கெடா பக்கம் போனால் 10 காசை ஒரு "கூப்பாங்" என்பார்கள். "லீமா கூப்பாங்" என்றால் 50 காசு.

என்னை "அண்ணே", "மச்சா" என்றெல்லாம் மலாய்க்காரர்கள் கூப்பிடுகிறார்கள். கேலி செய்கிறார்களா?

"அண்ணே" நம் சொல்லையே எடுத்து நமக்குத் தரும் மரியாதை. என்னிடம் வடை வாங்க வரும் பெரியவர்கள்கூட "அண்ணே, வடை தீகா" என்றுதான் கேட்பார்கள். "மச்சா" இளவட்டங்களின் சொல், கூட்டாளி என்ற நெருக்கம். புதிதாகச் சந்தித்தவர் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லையென்றால் நீங்கள் "பாங்" என்றே பதில் சொல்லிக்கொண்டிருங்கள், அவரும் மாறிவிடுவார்.

நோன்பு மாதத்தில் எப்படிப் பேசுவது?

அந்த மாதத்தில் மலாய்க்காரர்களின் காலைக் கடைகள் பெரும்பாலும் இருக்காது. பிற்பகலில்தான் ரமலான் சந்தை கூடும். விற்பவர்கள் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பார்கள், அதனால் "டா மாக்கான்?" என்று கேட்காதீர்கள். வாங்கிவிட்டுக் கிளம்பும்போது "செலாமாட் பெர்புக்கா, காக்" என்று சொல்லுங்கள். நோன்பு திறக்க வாழ்த்து. தமிழ் வாயிலிருந்து அதைக் கேட்கும்போது களைத்த முகத்தில் வரும் சிரிப்பை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கடைக்கார அக்கா என்னிடம் தமிழ் சொல்லித்தரச் சொல்கிறார். எதில் ஆரம்பிப்பது?

"வாங்க"வில். ழ, ள, ற வருகிற சொற்களை முதலில் எடுக்காதீர்கள், அவர்களுக்கு நாக்கு வளையாது. "நன்றி"கூடக் கொஞ்சம் கஷ்டம். "வாங்க", "போதுமா?", "வேணுமா?", "எத்தனை?" இந்த நான்கும் அவர்களுக்கு லேசாக வரும், கடைக்கும் உதவும். சொல்லிக் கொடுக்கும்போது "க்கா", "ண்ணே" சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். என் பக்கத்து மேசை அம்மா இப்போது நான் எண்ணெய் வாங்கப் போயிருக்கும் நேரத்தில், என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து "வாங்கண்ணே, வடை எத்தனை?" என்று கேட்டு, கட்டிக் கொடுத்து, காசை வாங்கி என் டப்பாவில் போட்டு வைக்கிறார்.